வந்த தேதியைச் சாப்பில் போடுங்கள்

"அக்கா, தோட்ட ஆபீஸில் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. உரம், டீசல், உதிரிப்பாகம் என்று சப்ளையர் இன்வாய்ஸ்கள் மேசையில் குவிகின்றன. எங்கே சாப் அடிப்பது, எதில் எழுதுவது, எந்த ஃபைலில் வைப்பது? ஒரு பக்கத்தில் சொல்லுங்கள்."
– வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி, தாள் கைக்கு வந்த அன்றே சாப் அடித்துவிடுங்கள். முன்பக்கத்தில் காலியான இடம் பார்த்து அடியுங்கள். இன்வாய்ஸ் எண், தொகை மேல் மை படக்கூடாது. சாப்பில் வரவேண்டியது தாள் வந்த தேதி. மார்ச் 3 என்று அச்சடித்த இன்வாய்ஸ் 20ஆம் தேதி வந்தால், 20 என்றே போடுங்கள். கடைக்காரர் 30 நாள் தவணையைப் பெரும்பாலும் இன்வாய்ஸ் தேதியிலிருந்துதான் எண்ணுவார். பணம் ஏன் தாமதம் என்று கேட்டால், அந்தச் சாப்தான் உங்கள் பதில்.

அப்புறம் பதிவேடு. வரிசை எண், வந்த தேதி, சப்ளையர் பெயர், இன்வாய்ஸ் எண், அதன் தேதி, தொகை. அதே வரிசை எண்ணைத் தாளிலும் எழுதுங்கள். எழுதும் முன் அந்தச் சப்ளையரின் பழைய வரிகளில் இதே இன்வாய்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாட்ஸ்அப்பில் வந்த நகலைப் பதிந்தேன், பத்து நாள் கழித்துத் தபாலில் வந்த அசலையும் பதிந்தேன். இரண்டுக்கும் பணம் போய்விட்டது. திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தேன்.

பதிந்ததை உடனே கிராணியிடம் நீட்டாதீர்கள். ஸ்டோரில் கையெழுத்தான டெலிவரி ஆர்டரை, அதாவது டி.ஓ.வை, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 50 கிலோ உர மூட்டை 200, ஒன்று 110 வெள்ளி, மொத்தம் 22,000 வெள்ளி என்று இன்வாய்ஸ் சொல்கிறது. டி.ஓ.வின் கீழே ஸ்டோர்காரர் பேனாவால், '6 மூட்டை நனைந்தது, திருப்பி அனுப்பினோம்' என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் கொடுக்க வேண்டியது 194 மூட்டைக்கு 21,340 வெள்ளிதான். இன்வாய்ஸில் நீங்களே அடித்துத் திருத்தாதீர்கள். சப்ளையரிடம் 660 வெள்ளிக்குக் கிரெடிட் நோட் கேளுங்கள். வரும்வரை தாளைத் தனியாக வையுங்கள். கியூ.ஆர். கோடு உள்ள இ-இன்வாய்ஸ் என்றால் காத்திருக்கக்கூடாது. வரி வாரியம் அதைச் சரிபார்த்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் வாங்கியவர் நிராகரிக்கக் கேட்கலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட்தான் வழி. அதனால் தவறு கண்ணில் பட்ட அன்றே கிராணியிடம் சொல்லிவிடுங்கள்.

ஃபைல் இரண்டு போதும். பணம் கட்டாதவை ஒன்றில், கட்ட வேண்டிய தேதி வரிசையில். கட்டியதும் 'பெய்ட்' சாப் அடித்து, வவுச்சர் எண்ணை எழுதி, டி.ஓ.வையும் சேர்த்துக் குத்தி, சப்ளையர் பெயர்ப்படி இன்னொன்றில். கட்டியவற்றை 7 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தெர்மல் தாளில் வரும் டீசல் ரசீது சில மாதத்தில் வெளிறிவிடும். அதற்கு மட்டும் வந்த அன்றே ஒரு போட்டோகாப்பி எடுத்து, அசலோடு சேர்த்துக் குத்திவிடுங்கள்.