கூட்டுக் கடையும் கல்லாக் கணக்கும்

“அண்ணா, இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நண்பரோடு சேர்ந்து சின்னதாக ஒரு கடை எடுக்கிறேன். தினக் கணக்கை கூகுள் ஷீட்ஸில் எழுதி அவரும் பார்க்கிற மாதிரி வைத்தால் போதுமா? லேப்டாப் எது வாங்கலாம்? வரிக்கு என்ன செய்வது?”

தம்பி, லேப்டாப் எதுவானாலும் சரி. வரிக்கு அங்கே உள்ள கணக்காளரைப் பாருங்கள். நான் பேச நினைப்பது கல்லாவைப் பற்றி. வந்த புதிதில் நான் வேலை பார்த்த கடைக்கு இரண்டு முதலாளிகள். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், “நமக்குள்ளே என்ன கணக்கு” என்பார்கள். கல்லாவிலிருந்து யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று எங்கும் எழுத்தில் இல்லை. கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே பிரிந்தார்கள். நம்மவர்களிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இது. கணக்கு எழுதச் சொன்னால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஷீட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரிசை போதும். முதல் வரிசையில் A பத்தியிலிருந்து இந்தத் தலைப்புகளை எழுதுங்கள்: தேதி, காலை இருப்பு, ரொக்க விற்பனை, கார்டு விற்பனை, கடைச் செலவு, வங்கியில் போட்டது, நீங்கள் எடுத்தது, அவர் எடுத்தது, இருக்க வேண்டியது, எண்ணியது, வித்தியாசம். முதல் நாள் காலை இருப்பை மட்டும் B2-இல் கையால் எழுதுங்கள். அப்புறம் I2, K2, B3 கட்டங்களில் முறையே இவற்றைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=B2+C2-E2-F2-G2-H2
=J2-I2
=J2
```

கார்டு விற்பனையைச் சூத்திரத்தில் சேர்க்கவில்லை, கவனியுங்கள். அது கல்லாவுக்கு வராது, பிறகு வங்கிக்குத்தான் வரும். கட்டணம் பிடித்துக்கொண்டு வருவதும் உண்டு. அதைத் தனியாக வங்கிக் கணக்கோடு சரிபாருங்கள்.

காலை இருப்பு 200, ரொக்க விற்பனை 640, செலவு 85, நீங்கள் எடுத்தது 50 என்று வையுங்கள். கல்லாவில் 705 இருக்க வேண்டும். எண்ணினால் 665. வித்தியாசம் −40 என்று காட்டும். எண்ணியதை 705 என்று எழுதிச் சமாளிக்கவே கூடாது. கூட்டாளியை அன்றைக்கே கேளுங்கள். சரக்குக் கொண்டுவந்தவருக்கு 40 கொடுத்தேன் என்றால் செலவு 125 ஆகும், வித்தியாசம் பூஜ்யமாகிவிடும். சொந்தத் தேவைக்கு எடுத்திருந்தால் அவர் பத்தியில் போகும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. காரணம் தெரியவில்லை என்றால் −40 அப்படியே நிற்கட்டும். மறுநாள் எண்ணிய தொகையிலிருந்தே தொடங்குவதால் ஒரு நாள் குறை அடுத்த நாளில் ஒளியாது.

பகிரும்போது Share-இல் அவருடைய மின்னஞ்சலைப் போட்டுச் சேருங்கள், பொது அணுகலை Restricted என்றே வையுங்கள். ஒரே கூகுள் கணக்கில் இருவரும் நுழைய வேண்டாம், யார் மாற்றினார்கள் என்பது தெரியாமல் போகும். அவரும் கடையில் நிற்பவர் என்றால் Editor கொடுங்கள், வெறுமனே பார்ப்பவர் என்றால் Commenter போதும். சூத்திரம் உள்ள பத்திகளை Data > Protect sheets and ranges வழியாகப் பூட்டிவிடுங்கள். தொகை மாறியிருப்பதாகத் தோன்றினால் கணினியில் அந்தக் கட்டத்தை வலது சொடுக்கி Show edit history பாருங்கள். சண்டை போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

நாடு மாறி வந்தவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. File > Settings-இல் உள்ள Locale எந்த நாட்டைக் காட்டுகிறது என்று முதல் நாளே பாருங்கள். அமெரிக்க அமைப்பு இருந்தால் 03/04 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04 அதற்குத் தேதியே இல்லை, வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். உண்மையான தேதி வலது ஓரத்தில் நிற்கும். தசமத்துக்குக் காற்புள்ளி போடும் நாடுகளின் அமைப்பில் 12.50 என்று அடித்தால் எண்ணாக ஏறாது. எழுத்தாக நின்றுவிட்டதை SUM சத்தமில்லாமல் விட்டுவிடும், மாதக் கூட்டுத்தொகை குறைந்து வரும். பிறகு அமைப்பை மாற்றினாலும் ஏற்கெனவே தப்பாக ஏறியவை தானாகத் திருந்தாது, ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்க வேண்டும். இந்த அமைப்பு கோப்புக்கு உரியது. நீங்கள் ஒருமுறை சரிசெய்தால் கூட்டாளிக்கும் சரியாகிவிடும்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மொழி புரியாத மெனுக்களை ராத்திரியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன், அதில் எனக்குப் பெருமைதான். பிற்பாடு நானும் கூட்டுக் கடை வைத்தபோது முதலில் எழுதியது G, H இரண்டு பத்திகளின் தலைப்பைத்தான். கூட்டாளி முகம் சுளித்தார். மாதக் கடைசியில் தான் எடுத்ததை அவரே கூட்டிப் பார்த்தார். அதிலிருந்து எனக்கு முன்பே உட்கார்ந்து கல்லாவை எண்ண ஆரம்பித்துவிட்டார்.