எதிர்வீட்டுக்காரருக்கு 100, அப்பாவுக்கு 50: சிட்டாகிளிப்டின் பற்றி

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரைக்குச் சாப்பிட்டுவந்த கிளைமிபிரைடை டாக்டர் நிறுத்திவிட்டு சிட்டாகிளிப்டின் 50 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். எதிர்வீட்டுக்காரருக்கு அதே மாத்திரை 100. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் அப்பாவுக்கு 40. இது எப்படி வேலை செய்கிறது, யாருக்கு ஒத்துக்கொள்ளும்?

சர்க்கரை நோயாளிகளைத் தினமும் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன். 50 என்பது சரியான அளவுதான். காரணம் அப்பாவின் சிறுநீரகம். அதற்கு முன் மாத்திரை செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம்.

குளுக்கோஸை நரம்பு வழியாக ஏற்றினால் சுரக்கும் இன்சுலினைவிட, அதே அளவு ரத்தச் சர்க்கரை வரும்படி வாய்வழியாகக் குடித்தால் சுரப்பது கூடுதல். உணவு குடலைத் தொட்டதும் அங்கிருந்து ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற ஹார்மோன்கள் கிளம்பி, "சாப்பாடு வருகிறது" என்று கணையத்துக்குச் சொல்லிவிடுகின்றன. ஆனால் ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடம்போலத்தான் தாக்குப்பிடிக்கும். டிபிபி-4 என்ற நொதி அதன் ஒரு முனையில் இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தரித்துவிடும். அதோடு ஹார்மோன் செயலிழந்துவிடும். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் எல்லாம் அந்தக் கத்தரிக்கோலைக் கட்டிப்போடுபவை. புதிதாக எந்த ஹார்மோனையும் இவை உள்ளே செலுத்துவதில்லை. உடம்பு தானே சுரப்பது இரண்டு மூன்று மடங்காக நிலைத்து நிற்கிறது, அவ்வளவுதான். எடை குறைக்கும் ஜிஎல்பி-1 ஊசிகள் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு. அதனால்தான் ஊசியில் பசி மந்தமாகிறது, குமட்டுகிறது, எடை இறங்குகிறது. மாத்திரையில் இந்த மூன்றையும் பெரும்பாலும் காண முடியாது.

இந்த ஹார்மோன்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இன்சுலினைத் தூண்டும். சர்க்கரை இறங்கினால் தூண்டுதலும் அடங்கிவிடும். கிளைமிபிரைடுக்கு அந்த நிதானம் கிடையாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழியும்.

என்னிடம் வரும் ஒரு மூதாட்டிக்கும் ஏறக்குறைய உங்கள் அப்பாவின் வயது. காலையில் கிளைமிபிரைடு 2 மில்லிகிராமும் இரண்டு இட்லியும். கோயிலுக்குப் போய்விட்டு மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் நாட்களில் பதினொன்றரைக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கும். அந்த நேரத்தில் வீட்டு மீட்டரில் 58. கிளைமிபிரைடை நிறுத்தி லினாகிளிப்டின் 5 கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து, சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.3-லிருந்து 7.5 ஆகியிருந்தது. எண் கொஞ்சம் ஏறியதில் மகனுக்கு வருத்தம், எனக்கு இல்லை. அந்த வயதில் 7.5 போதும், நடுக்கமும் நின்றுவிட்டது.

ஆக, வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், நேரத்துக்குச் சாப்பிட முடியாதவர்கள், சிறுநீரகம் சற்று தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு இது நன்றாகவே ஒத்துக்கொள்ளும். வேகம் மட்டும் குறைவு. எச்பிஏ1சி அரை முதல் முக்கால் புள்ளி இறங்கும். 10-இல் இருப்பவரை இது ஒன்றே காப்பாற்றாது. டைப் 1 நோயாளிக்கு இதனால் பயனில்லை.

இப்போது 50-க்கு வருவோம். சிட்டாகிளிப்டின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. ஈஜிஎஃப்ஆர் 45-க்கு மேல் இருந்தால் 100, 30-லிருந்து 45-க்குள் என்றால் 50, 30-க்குக் கீழே 25. அப்பாவுக்கு 40 என்பதால் பாதி. லினாகிளிப்டின் பித்தம் வழியாக மலத்தில் போய்விடுவதால் அதற்கு இந்தக் கணக்கு தேவையில்லை. வில்டாகிளிப்டின் என்றால் ஆரம்பிக்கும் முன்பும், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

யாருக்கு ஆகாது? முன்பு கணைய அழற்சி வந்தவர்களுக்கு நான் எழுதுவதில்லை. இதயம் பலவீனமானவர்களுக்கு சாக்ஸாகிளிப்டின் வேண்டாம். 2013-இல் வெளியான பெரிய ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்கள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது கூடியிருந்தது. சிட்டாகிளிப்டினை வைத்து 2015-இல் வந்த ஆய்வில் அப்படித் தெரியவில்லை.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவி வாந்தியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதியவர்களுக்கு அபூர்வமாக, தோலில் வாரக்கணக்கில் அரிப்பு இருந்து பிறகு நீர்க்கொப்புளம் கிளம்பும். மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் வீட்டில் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. அதற்குக் களிம்பு மட்டும் தடவிக்கொண்டிருக்காமல், இந்த மாத்திரை சாப்பிடுவதைத் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டில் மிச்சமிருக்கும் கிளைமிபிரைடு பட்டையை அப்புறப்படுத்திவிடுங்கள். "இதையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் குறையும்" என்று அப்பா இரண்டையும் விழுங்கினால், தாழ்சர்க்கரை திரும்ப வந்துவிடும்.