மழை ஜாக்கெட்டுக்குள் நனைந்தது மழையிலா, வியர்வையிலா?

கேள்வி: 6,500 ரூபாய்க்கு ‘வாட்டர்புரூஃப், பிரீத்தபிள்’ என்று போட்ட மழை ஜாக்கெட் வாங்கினேன். லேபிளில் 10,000 மி.மீ., 8,000 கிராம் என்று இருக்கிறது. ஆகஸ்டில் வால்பாறையில் பை சுமந்து மூன்று மணி நேரம் மழையில் நடந்தேன். உள்ளே காட்டன் பனியன், டி-ஷர்ட். முதுகும் மார்பும் தொப்பலாகிவிட்டன. கடையில் கேட்டால் “அது உங்க வியர்வை சார்” என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் கடைக்காரர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆனால் அவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதித்துவிடலாம். அதற்கு முன் அந்தத் துணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நாம் அன்றாடம் உடுத்தும் பருத்தித் துணியில் இழைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. காற்று அதன் வழியாகப் போய்வரும், நூலே ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் ஜாக்கெட் அப்படி இல்லை. வெளியே நைலான் அல்லது பாலியஸ்டர் துணி, அதன் உட்பக்கம் ஒட்டிய மிக மெல்லிய படலம், அதற்கும் உள்ளே ஒரு காப்புத் துணி அல்லது வலை. இப்படி ஒட்டிச் செய்வதைத்தான் லேமினேட் என்கிறார்கள். மழையைத் தடுக்கும் வேலை முழுவதும் நடுவில் இருக்கும் படலத்துடையது. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துளைகள் கொண்ட படலம் கிடைத்தது. கோர்-டெக்ஸ் அதிலிருந்து வந்ததுதான். துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சின்னவை, ஆனால் நீராவிக்குத் தாராளமானவை. விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் பாலியூரித்தேன் படலம் இருக்கும். அதில் துளையே இல்லாத வகையும் உண்டு. அந்த வகை ஈரத்தை உட்பக்கம் இழுத்து வெளிப்பக்கம் விட்டுவிடும்.

ஆக, ‘பிரீத்தபிள்’ என்ற சொல்லைக் காற்றோட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் காற்று அநேகமாகப் போகவே போகாது. வியர்வை ஆவியாகி, அந்த ஆவி மட்டும் மெதுவாக வெளியேறும். அவ்வளவுதான்.

இப்போது உங்கள் லேபிளுக்கு வருவோம். 10,000 மி.மீ. என்றால் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வரும் அழுத்தத்தைத் தாங்கியது என்று பொருள். இதைச் சோதிக்கும் வழக்கமான முறைகளில் ஒன்று ஐஎஸ்ஓ 811. சாதாரண மழைக்கு இது போதும். பையின் வார் தோளை அழுத்தும் இடத்தில்தான் கூடுதல் அழுத்தம் விழும்.

8,000 கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் வெளியேறும் ஆவியின் அளவு. 24-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 333 கிராம். பை சுமந்து மேடேறும்போது மணிக்கு அரை லிட்டர், அதற்கு மேலும் வியர்ப்பது சாதாரணம். உங்கள் முதுகையோ பை மூடியிருந்தது. இந்தக் கணக்கிலேயே இடிக்கிறது அல்லவா?

அப்புறம், அந்த 8,000 ஆய்வகத்தில் கிடைத்த எண். சில சோதனை முறைகளில் துணியின் மறுபக்கம் ஈரத்தை இழுக்கும் உப்புக் கரைசலை வைத்துவிடுவார்கள். வால்பாறை மலையில் அப்படி இழுக்க ஆள் இல்லை. ஆவியை வெளியே தள்ளுவது, உடலுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள ஆவி அழுத்த வித்தியாசம் மட்டுமே. 5 டிகிரி குளிரில் அந்த வித்தியாசம் 100 என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் ஈரம் சொட்டும் காற்றில் அது ஏறக்குறைய 70. சென்னையின் 26 டிகிரி மழையில் 50தான். குளிர் நாட்டில் பாராட்டு வாங்கும் ஜாக்கெட் நம் ஊரில் புழுங்குவதற்குக் காரணம் இதுதான். இந்த ஒரு விஷயத்தை எந்த லேபிளும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி சோதனை. ஜாக்கெட்டின் தோள்பகுதியை, வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி, ஒரு வாளியின் வாயில் குழிவாக விரித்துக் கட்டுங்கள். தையல் குழியின் நடுவில் வரட்டும். உட்பக்கத்தில் காய்ந்த டிஷ்யூ தாளை ஒட்டினாற்போல் வைத்து, குழியில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். சில சென்டிமீட்டர் தண்ணீர், 10 மீட்டர் தாங்கும் துணிக்கு ஒன்றுமே இல்லை. தாளில் சொட்டு ஈரமோ கோடு மாதிரி ஈரமோ தெரிந்தால் ஒழுகல் உறுதி. படலம் நன்றாக இருந்தாலும், ஊசித் துளைகளை மூட உட்பக்கம் ஒட்டும் டேப் பிரிந்திருந்தால் தையல் வழியே தண்ணீர் வரும். ஜிப் பகுதியையும் இப்படியே பாருங்கள். ஈரம் பட்ட இடமும் ஒரு தடயம்: தோள் தையலிலும் ஜிப் ஓரத்திலும் மட்டும் என்றால் மழை. உங்களைப் போல முதுகும் மார்பும் பரவலாக நனைந்தால் வியர்வை. காட்டன் டி-ஷர்ட் அதைக் குடித்து வைத்துக்கொண்டது.

தாள் காய்ந்தே இருந்தால் அடுத்ததாக வெளித்துணியைப் பாருங்கள். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருள வேண்டும். துணி கறுத்து ஈரத்தைக் குடித்தால், மேலே பூசியிருக்கும் நீர்விலக்குப் பூச்சு மங்கிவிட்டது. அப்போது உள்ளே தண்ணீர் புகாது. ஆனால் வெளித்துணி ஊறி ஆவியின் வழியை அடைத்துவிடும், உள்ளே வியர்வை படியும். இதை ஒழுகல் என்று நினைத்து ஜாக்கெட்டைத் தூக்கி எறிபவர்கள் ஏராளம். திரவ சோப்பில் துவைத்து இரண்டு முறை அலசுங்கள். கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையூட்டி வேண்டவே வேண்டாம், அதன் படிவு பூச்சைக் கெடுக்கும். லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் தேயுங்கள், பூச்சு பல நேரம் உயிர்பெறும். இல்லையென்றால் நீர்விலக்கு ஸ்பிரே கிடைக்கிறது. ஈரத்தோடு மடித்து பைக் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பிசுபிசுத்து உரிந்துவிடும், அதற்கு வைத்தியம் இல்லை.

வாளிச் சோதனையில் ஒழுகினால் வீடியோ எடுத்து, பில்லோடு கடையில் மாற்றித் தரக் கேளுங்கள். லேபிள் எண் எந்தச் சோதனை முறையில் வந்தது என்றும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒழுகவில்லை என்றால் அடுத்த முறை காட்டனுக்குப் பதில் மெல்லிய பாலியஸ்டர் பனியன் போட்டு, மேடேறும்போது முன் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி நடந்து பாருங்கள். புதிதாக வாங்குவதானால் எண்களைவிட அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ‘டச் ஸ்கிரீன்’ கையுறை நாலு முறை துவைத்ததும் போனில் வேலை செய்யவில்லை. ஏன்?

பதில்: விரல் நுனியில் மின்கடத்தும் நூல் இருக்கும். பல கையுறைகளில் அது வெள்ளி பூசிய நைலான். திரை உங்கள் விரலை உணர, அந்த நூல் வெளியிலிருந்து உள்ளே வந்து தோலைத் தொட வேண்டும். ப்ளீச்சும் முறுக்கிப் பிழிவதும் வெள்ளிப் பூச்சைத் தேய்த்துவிடும். மல்ட்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து, ஒரு முனையை நுனியின் வெளியிலும் மற்றதை உள்ளேயும் வைத்துப் பாருங்கள். எண்ணே வராவிட்டால் நூல் போய்விட்டது. எண் வந்தால் கையுறை உங்கள் விரலுக்குப் பெரியதாகி, நுனி தோலில் படாமல் இருக்கலாம். துருப்பிடிக்காத எஃகு இழை கலந்த நூல் துவைப்பைக் கூடுதலாகத் தாங்கும், வாங்கும்போது அதைக் கேளுங்கள்.