இசிஜியில் 'எல்பிபிபி': இது எந்த அடைப்பு?

*கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 63 வயது. பத்து ஆண்டுகளாக ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கண்புரை அறுவைக்கு முன் எடுத்த இசிஜியில் 'எல்பிபிபி' என்றும், பழைய மாரடைப்பாக இருக்கலாம் என்றும் அச்சாகி வந்திருக்கிறது. நெஞ்சுவலியே வந்ததில்லை. அடைப்பு என்பதால் ஆஞ்சியோ செய்ய வேண்டுமா? சித்தப்பாவுக்கு வலது பக்க அடைப்பு என்றபோது ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களே, அது ஏன்? இசிஜி நகலை இணைத்துள்ளேன். (வாசகர், காரைக்குடி)*

பதில்: நம் பேச்சில் இதயத்தில் அடைப்பு என்றால், கொழுப்பு படிந்து ரத்தக்குழாய் அடைபட்டது என்றே பொருள். எல்பிபிபி என்பதில் உள்ள 'பிளாக்' ரத்தக்குழாயில் இல்லை, இதயத்தின் மின்பாதையில் இருக்கிறது. ஆகவே அதை 'இடது கிளைத் தடை' என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'அடைப்பு' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் காலையில் வந்து நிற்கும் குடும்பங்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல், நடுவிலுள்ள கணுவில் சற்றே தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலம் இடம் என இரு கிளைகளாகப் பிரிகிறது. இக்கிளைகளை 1906இல் விரிவாக விவரித்தவர் சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய மருத்துவர். இரு கிளைகளிலும் சேதி விரைந்து ஓடுவதால்தான் இரண்டு கீழறைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. இடக்கிளை வேலை செய்யாதபோது தூண்டல் நின்றுபோவதில்லை. வலக்கிளை வழியே வலது கீழறைக்குப் போய், அங்கிருந்து நடுச்சுவரைக் கடந்து, தசையிலிருந்து தசைக்கு மெல்ல ஊர்ந்து இடது கீழறையின் வெளிச்சுவரை அடைகிறது. விசேஷ வீட்டில் பந்தி தயார் என்ற சேதியை முகப்பிலிருந்து வளவின் இரு பக்கத்துக்கும் ஆள் ஓடிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து ஆள் வராவிட்டால் அந்தப் பக்கத்து அறைகளுக்கு வாய்வழியாகத்தான் சேதி போகும். எல்லோரும் வந்து சேர்வார்கள், ஆனால் கடைசி அறைக்காரர் வரும்போது முதலில் உட்கார்ந்தவர் இலையை மடித்திருப்பார்.

இந்தத் தாமதம் இசிஜி தாளில் அகலமாகத் தெரிகிறது. வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி. கீழறைகளின் மின்னெழுச்சியைக் காட்டும் கூரான பகுதிக்கு க்யூஆர்எஸ் என்று பெயர். அது மூன்று சிறு கட்டங்களுக்குள், அதாவது 0.12 விநாடிக்குள் முடிய வேண்டும். தங்கள் ஆத்தாவின் தாளில் மேல் ஓரத்தில் QRS 146 ms என்று அச்சாகியிருக்கிறது; அதாவது 0.146 விநாடி, மூன்றரைக் கட்டத்துக்குச் சற்று அதிகம். அகலம் மட்டும் போதாது, எந்தக் கிளை என்பதை வடிவம்தான் சொல்லும். நெஞ்செலும்பின் வலப்புறம் ஒட்டி வைக்கும் வி1 பகுதியில் கோடு சிறிதே எழுந்து, ஆழமாகவும் அகலமாகவும் கீழே இறங்குகிறது. இடது அக்குளை ஒட்டிய வி6 பகுதியில் அதே துடிப்பு அகலமாக மேலெழுந்து, உச்சியில் ஒரு நெளிவோடு நிற்கிறது. அங்கு வழக்கமாகத் தொடக்கத்தில் தெரியும் சிறு கீழிறக்கத்தைக் காணோம். இம்மூன்றும் சேர்ந்திருப்பதால் இயந்திரம் சொன்ன எல்பிபிபி சரிதான்.

ஆனால் 'பழைய மாரடைப்பு' என்ற அடுத்த வரியை நான் ஏற்கவில்லை. வி1 முதல் வி3 வரை கோடு மேலெழாமல் கீழே மட்டும் இறங்கினால், அந்த இடத்துத் தசை செத்திருக்கிறது என்று கணிக்கும்படி இயந்திரத்துக்குக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. இடது கிளைத் தடையிலோ, மாரடைப்பே இல்லாதவருக்கும் கோடு அப்படித்தான் இறங்கும். வி6இல் க்யூஆர்எஸ்ஸை அடுத்து வரும் டி அலை தலைகீழாக இருப்பதும் அவ்வாறே. க்யூஆர்எஸ் மேலே போனால் டி கீழே போவது இத்தடையின் இயல்பு. இதே காரணத்தால் இவர்களுக்கு நடைப்பட்டையில் ஓடவிட்டு எடுக்கும் டிரெட்மில் சோதனை பயன்படாது. ஓடும்போது கோடு மாறுவது ரத்தக்குறைவாலா தடையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி இதயத்தின் வேலைத்திறன். நடுச்சுவர் முந்திச் சுருங்கி, வெளிச்சுவர் பிந்திச் சுருங்கினால், ஒரு பக்கம் தள்ளுகிற ரத்தத்தை மறுபக்கம் தளர்ந்து ஏந்திக்கொள்ளும். உழைப்பில் ஒரு பங்கு வீணாகும். பலர் இதைப் பல்லாண்டு தாங்கிக்கொள்கிறார்கள். சிலருக்கு நாளடைவில் அறை விரிந்து திறன் குறைகிறது; வேறு சிலருக்கு முதலில் கெட்டது தசை, தடை அதன் அடையாளம் மட்டுமே. நீண்டகால ரத்தக்கொதிப்பு, மகாதமனி வால்வுக் கோளாறு, தசைநோய், பழைய மாரடைப்பு ஆகியன இடக்கிளையைப் பழுதாக்கும் வழக்கமான காரணங்கள். எது என்பதை இசிஜி சொல்லாது, எக்கோ சொல்லும். ஆகவே ஆத்தாவுக்கு இப்போது தேவை எக்கோ. அதில் நடுச்சுவர் விநோதமாக அசைவது தடையால் மட்டுமே வரக்கூடும். சுருங்கும்போது அச்சுவர் தடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தடித்தால் தசை உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன் ரத்தத்தில் எவ்வளவை வெளித்தள்ளுகிறது என்பதைச் சொல்லும் வெளியேற்ற விழுக்காடு (எக்கோ தாளில் EF) 55க்கு மேல் இருந்து, வால்வுகளும் நன்றாக இருந்தால், நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாத நிலையில் ஆஞ்சியோ வேண்டாம். அது குறைந்திருந்தால், காரணம் தேட ஆஞ்சியோ பற்றிப் பேச வேண்டிவரும்.

குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், 57 வயது. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவார். க்யூஆர்எஸ் 164, EF 28, ஆஞ்சியோவில் ரத்தக்குழாய்கள் சுத்தம். இதயச் செயலிழப்புக்கான மாத்திரைகளை மூன்று மாதம் முழு அளவில் கொடுத்தும் 31க்கு மேல் ஏறவில்லை. இடது கிளைத் தடை, 150ஐ மிஞ்சிய அகலம், 35க்கு உட்பட்ட EF, மருந்துக்குப் பின்னும் மூச்சிரைப்பு என்று எல்லாம் கூடியதால், இரு கீழறைகளையும் ஒரே நேரத்தில் தூண்டும் சிஆர்டி கருவி பொருத்தப்பட்டது. பொருத்திய பின் எடுத்த இசிஜியில் அகலம் 130க்கு இறங்கியது. ஆறு மாதத்தில் EF 44. எல்லோருக்கும் இப்படிப் பலன் கிடைப்பதில்லை, ஆனால் இத்தகைய வடிவமும் அகலமும் உள்ளவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

தங்கள் சித்தப்பாவுக்கு இருப்பது வலது கிளைத் தடையாக இருக்க வேண்டும். வி1இல் இரண்டு கொம்பு போல மேலெழும், வி6இல் அகலமான பின்னிறக்கம் இருக்கும். வலக்கிளை மெல்லியது, இதயம் நலமாக இருப்பவர்களிலும் பழுதாகிறது. முக்கியப் பொறுப்புள்ள இடது கீழறை நேரத்துக்குச் சுருங்கிவிடுவதால் திறன் பெரிதாகக் குறைவதில்லை. தொந்தரவு எதுவும் இல்லையென்றால், ஒன்றுமில்லை என்று சொன்னது சரியே.

எக்கோ நன்றாக இருந்தால் கண்புரை அறுவைக்கு இத்தடை குறுக்கே நிற்காது. மயக்க மருத்துவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். ஆத்தா எப்போதாவது திடீரென நினைவிழந்து விழுந்தால், அதைத் தலைசுற்றல் என்று விட்டுவிடாதீர்கள். மற்றக் கிளையும் விட்டுவிட்டு நிற்கிறது என்று பொருளாகலாம், பேஸ்மேக்கர் தேவைப்படலாம். நெஞ்சு அழுத்தம் கால் மணி நேரம் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், இந்த இசிஜியையும் கையோடு எடுத்துப் போங்கள். தடை பழையதா அன்று வந்ததா என்பதே அங்குள்ளவர் முதலில் கேட்கும் கேள்வி. அது வெப்பத்தில் அச்சாகும் தாள், ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடும். லேமினேஷன் செய்தால் கறுத்தே போகும். நகல் எடுத்து வைத்து, கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.