சோழி எப்படிப் பணமாயிற்று: கேள்வி பதில்

கேள்வி: பண்டமாற்றில் அப்படி என்ன குறை? எங்கள் தாத்தா காலத்தில் நெல்லைக் கொடுத்தே உப்பு, பானை எல்லாம் வாங்கினார்களாம்.

பதில்: நெல்லை வேண்டாம் என்று சொல்பவர் அந்த ஊரில் எவரும் இல்லாததால்தான் அது நடந்தது. தமக்கு அன்று நெல் தேவைப்படாத குயவரும், நாளைக்குக் கொல்லரிடம் கொடுக்கலாம் என்று வாங்கி வைத்தார். அப்போதே நெல் பாதி பணமாகிவிட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பணியாளர்களின் கூலி கலக் கணக்கில் நெல்லாகக் குறிக்கப்பட்டிருப்பதை நீங்கள் பார்க்கலாம். ஆனால் நெல்லை எலி தின்னும், நனைந்தால் முளைக்கும், பதர் கலந்திருந்தால் மரக்காலில் அளந்து வாங்கியவரும் ஏமாறுவார். பயன்படுத்த வாங்குவது பண்டம், கைமாற்றவே வாங்குவது பணம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கடலில் கிடைக்கும் சோழியை வங்காளத்தில் பணமாக எப்படி நம்பினார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மாலத்தீவில் நெல் விளையாது; வங்காளக் கரையில் அந்தச் சோழி கிடைக்காது. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த பயணி இப்னு பதூதா, தீவினர் சோழியைக் கொடுத்து வங்காளத்து அரிசியை வாங்கியதை எழுதியிருக்கிறார். அதுவரை அது பண்டமாற்றுதான். வங்காளத்தில் இறங்கிய பிறகு, அதே சோழி சந்தையில் கை மாறிக்கொண்டே இருந்தது.

ஒரு சோழியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சுமார் ஒரு கிராம் எடை, பீங்கான் போன்ற வழவழப்பு, பல் வரிசை கொண்ட வாய். துருப்பிடிக்காது, பூச்சி அரிக்காது, களிமண்ணில் போலி செய்தால் விரலே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், நிறுக்காமல் எண்ணினால் போதும். நான்கு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பண், பதினாறு பண் ஒரு காகன், நான்கு காகன் ஒரு வெள்ளி ரூபாய் என்று கணக்கிட்டால், ரூபாய்க்கு 5,120 சோழி. ஒரு பிடி கீரை வாங்க வெள்ளி ரூபாயை உடைக்க முடியாது. நான்கு சோழியை எண்ணிக் கொடுக்கலாம்.

இதன் குறையும் அங்கேயே இருக்கிறது. 1770களின் இறுதியில் வங்காளத்தின் சில்ஹெட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ராபர்ட் லிண்ட்சே, மாவட்ட வரி முழுவதையும் சோழியாகவே பெற்றார். ஆண்டு வரி ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய். மேற்சொன்ன விகிதத்தில் பெருக்கினால் 128 கோடி சோழி வரும், அதாவது ஆயிரம் டன்னுக்கும் மேல். அதைக் கிடங்குகளில் குவித்து, படகுகளில் டாக்காவுக்கு அனுப்பியதில் பத்தில் ஒரு பங்கு நட்டமானது. சந்தைக்கு மிக நல்ல பணம் கருவூலத்துக்குப் பெரும் சுமையாக இருந்தது.

கேள்வி: தங்கம்தானே உண்மையான பணம்?

பதில்: கீரை வாங்க முடியாது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பாட்டி வைத்துவிட்டுப் போன பல்லாங்குழிச் சோழிகள் நூறு இருக்கின்றன. இன்று என்ன விலை போகும்?

பதில்: அவை இன்று பண்டம், பணம் அல்ல. பழம்பொருள் வியாபாரியிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் அரிதாக இருந்தால் போதும், எதுவும் பணமாகும் என்று சொல்லலாமே!

பதில்: பாதி சரி. அரிது என்பது போதாது, எளிதில் பெருக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலும் மாலத்தீவுச் சோழிதான் வழங்கியது. 1845 முதல் ஜெர்மானிய வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் கடற்கரையில் மலிவாகக் கிடைத்த, சற்றுப் பெரிய வேறொரு வகைச் சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். சோழியின் மதிப்பு சரிந்தது. ஒரு பொருளுக்குக் கொடுக்க வேண்டிய சோழி ஒரு சுமையாகி, அதை உள்நாட்டுக்குத் தூக்கிச் செல்லும் கூலியே அதன் மதிப்பைத் தின்றது.

அதே வாசகர்: சோழி மாறவில்லையே, வந்த அளவுதானே மாறியது? அப்படியென்றால் நான் சொன்னதும் அதுதான்.

பதில்: சோழியும் மாறியது. புதியது பெரிது, கனமானது, வேறு இனம். ஆனாலும் மக்கள் அதை ஏற்றார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பருமன் சற்று வேறுபட்டாலும் மற்றவர் வாங்குவார் என்ற நம்பிக்கை இருந்தவரை அது ஓடியது. அந்த நம்பிக்கைதான் அடிப்படை என்கிறேன். நீங்கள் அரிதாக இருப்பதை அடிப்படை என்கிறீர்கள்.

கேள்வி: மானிடவியல் படித்தவள் நான். கரோலின் ஹம்ப்ரி 1985இலேயே, பண்டமாற்றை மட்டுமே நம்பிய சமூகம் எங்கும் விவரிக்கப்பட்டதில்லை, அதிலிருந்து பணம் பிறந்ததும் விவரிக்கப்பட்டதில்லை என்று எழுதிவிட்டார். ஊருக்குள் கடனும் கொடையும்தானே நடந்தன?

பதில்: ஊருக்குள் நீங்கள் சொல்வதே சரி, குயவருக்கும் கொல்லருக்கும் இடையே பெரும்பாலும் அறுவடையில் தீர்க்கும் கடன் கணக்குதான் இருந்திருக்கும், என் முதல் பதிலை அவ்வாறு திருத்திக்கொள்கிறேன். ஆனால் மாலத்தீவுப் படகோட்டியும் வங்காள அரிசி வணிகரும் ஒருவருக்கொருவர் கடன் வைக்கும் உறவினர் அல்லர். அந்நியர் சந்திக்கும் துறைமுகத்தில் பண்டமாற்றுக்கு இடம் இருந்தது. இந்த இரண்டில் எதிலிருந்து பணம் முதலில் பிறந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கேள்வி: தங்கம்தானே கடைசியில் வென்றது?

பதில்: இரண்டாம் முறையாகத் தங்கத்துக்குப் பதில் எழுத மாட்டேன். வங்காளத்தில் சோழியை வீழ்த்தியது தங்கம் அல்ல. வரியை வெள்ளியில் மட்டும் வாங்குவேன் என்று சொன்ன கம்பெனியின் கருவூலம்.