பஃபேயில் கோழி முதலில் தீராமல், சோறு கடைசியில் மிஞ்சாமல் இருக்க

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மண்டபத்தில் நிச்சயதார்த்தம், 200 பேர், இரவு 7 முதல் 10 வரை பஃபே. போன விசேஷத்தில் கறி ஆறிவிட்டது, கோழி 9 மணிக்கே தீர்ந்தது, சோற்றைக் கொட்டினோம். இந்தத் தடவை எப்படிச் சமாளிப்பது?

பதில்: அடித்தட்டில் சுடுநீரும் அதன் கீழே சின்னத் தீயும் வைக்கும் பஃபே பாத்திரமான சேஃபிங் டிஷ் உணவைச் சூடாக வைத்திருக்கத்தான் உதவும், ஆறியதைச் சூடாக்க உதவாது. அடித்தட்டில் கொதிக்கும் நீரை இரண்டு விரல் உயரம் ஊற்றி, விருந்துக்கு 20 நிமிடம் முன்பே ஜெல் டின்களைப் பற்ற வையுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சின்னத் தீயில் அது காய்வதற்குள் கறி ஆறிவிடும். கறி அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க ட்ரேக்கு வரவேண்டும். அதன் பிறகு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது. வெப்பமானியை ட்ரேயின் நடுவில், அடியைத் தொடாமல் குத்திப் பாருங்கள். நிற்கும் காற்றாடி மேசைப் பக்கம் திரும்பியிருந்தால் தீ அலைபாயும், கறியின் மேல்பாகமும் ஆறும். பல மண்டபங்களில் கறி ஆறுவதற்கு இதுதான் காரணம்.

இனி கோழி. எலும்போடு நாலரை கிலோவை 50 கிராம் துண்டுகளாக வெட்டினால் 90 துண்டு. ஆளுக்கு மூன்று என்றால் 30 பேருக்கு ஒரு ட்ரே. 200 பேருக்கு ஏழு ட்ரே, அதாவது சுமார் 32 கிலோ. ஆறு ட்ரேக்கு மட்டும் சமையுங்கள். ஏழாவதை மசாலா தடவி ஐஸ் பெட்டியில் வையுங்கள், தேவைப்பட்டால் பொரித்துக்கொள்ளலாம்.

ட்ரேயில் கால் பங்கு மிஞ்சும்போதே புது ட்ரே வரட்டும். பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். அடியில் கிடப்பது எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ட்ரே மாற்றும் ஒவ்வொரு முறையும் அடித்தண்ணீரையும் பாருங்கள். வற்றினால் கறி அடிபிடிக்கும்.

சரியாக 200 தட்டுகளை எண்ணி அடுக்குங்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை அதுவே காட்டிவிடும். எட்டே காலுக்கு 120 தட்டு போய், கோழி நாலு ட்ரே தீர்ந்திருந்தால் கணக்கு சரி. ஐந்து தீர்ந்திருந்தால் மீதி 80 பேருக்கு ஒரு ட்ரேதான் இருக்கிறது. உடனே ஏழாவதைப் பொரிக்கச் சொல்லி, கோழிக்கு ஓர் ஆளை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு துண்டாகப் பரிமாறுங்கள். இரண்டு ட்ரேயில் 180 துண்டு, 80 பேருக்கு 160 போதும். வரிசையில் சோறு, பருப்பு, காய்கறி முன்னால், இறைச்சி கடைசியில் இருந்தால் தட்டு நிறைந்த பிறகே கை கோழிக்குப் போகும்.

சோற்றை ஒரே சட்டியில் வடிக்காதீர்கள். மீகூனும் இருந்தால் மொத்தம் 16 கிலோ அரிசி போதும். 11 கிலோவை முதலில் வடித்துவிட்டு, மீதியை ஏழே முக்காலுக்குத் தட்டுக் கணக்கைப் பார்த்து ஏற்றுங்கள். ஒன்பதுக்குப் பிறகு எல்லாமே பாதி அளவு ட்ரேயில் வரட்டும். சின்ன ட்ரே நிறைந்து தெரியும், வீணும் குறையும்.

மேசைக்கு வராமல் அடுப்பில் சூடாகவே இருந்த கறியைத்தான் பொட்டலம் கட்டலாம். மேசையில் மிஞ்சிய தேங்காய்ப்பால் கறியைக் கொடுத்தனுப்பாதீர்கள்.