சிங்கப்பூரில் மாதம் 7,500 டொலர்: வரி போக எவ்வளவு?

கேள்வி: நான் வவுனியாவில் இருக்கிறேன். கம்பனி என்னை இரண்டு வருடத்திற்குச் சிங்கப்பூர் அனுப்புகிறது. சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, வீட்டுப் படி எல்லாம் சேர்த்து மாதம் 7,500 டொலர் என்கிறார்கள். வரி போகக் கையில் எவ்வளவு நிற்கும்?

பதில்:

நான் கிளிநொச்சியிலிருந்து இதே மாதிரியான பணிக்குப் போய் இரண்டு வருடம் இருந்து வந்தவன். வரிக்கு முன்னர் அந்த 7,500 எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊர்ச் சம்பளம் 600,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊர் விலையை 100 என்று வைத்து அங்குள்ள விலையைக் காட்டும் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் 250 என்றால் சம்பளம் முழுவதும் இரண்டரை மடங்காகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சாதாரணமாக அப்படிச் செய்வதில்லை. சாப்பாடு, போக்குவரத்து, உடுப்பு போன்றவற்றுக்குச் செலவாகும் பங்கு என்று கம்பனி எடுத்துக்கொள்ளும் தொகைக்கு மட்டுமே சுட்டெண் பொருந்தும். சேமிப்புக்கும் வாடகைக்கும் பொருந்தாது. அந்தப் பங்கு 60 வீதம் என்றால் 360,000 ரூபா. அதன் மேல் 150 வீதம், அதாவது 540,000 ரூபா படி சேரும். மொத்தம் 1,140,000 ரூபா. ஒரு சிங்கப்பூர் டொலரை 228 ரூபாவாக எடுத்தால் அது 5,000 டொலர். அதன் மேல் வீட்டுப் படி 2,500. உங்கள் பணிக் கடிதத்தில் என்ன வீதம், என்ன சுட்டெண் உள்ளன என்று கேட்டு வாங்குங்கள். நாணய மாற்று வீதம் மாறினால் இந்தத் தொகையும் மாறுமா என்பதையும் அப்போதே கேட்பது நல்லது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. இத்தகைய சுட்டெண்கள் பெரும்பாலும் கொழும்பு விலைகளை அடியாக வைத்தே போடப்படுகின்றன, குடும்பம் முழுவதும் கூடவே வருகிறது என்ற எண்ணத்திலும் சில வேளை போடப்படுகின்றன. மனைவி பிள்ளைகளை வவுனியாவில் விட்டுவிட்டுப் போனால் உங்களுக்கு இரண்டு அடுப்பு எரியும். ஆனால் தனி ஆளுக்குரிய செலவுப் பங்கையே கம்பனி எடுத்தால் படி குறைந்துவிடும். சொந்த வீட்டில் இருப்பவருக்குக்கூட 'ஊர் வாடகை' என்று ஒரு கற்பனைத் தொகையைக் கழிக்கும் கம்பனிகளும் உண்டு. வாடகையே கொடுக்காதவர் அதை எதிர்த்துப் பேசலாம்.

இனி வரி. காசாகக் கொடுக்கும் வீட்டுப் படி சிங்கப்பூரில் முழுவதும் வருமானமே. ஆண்டுக்கு 90,000 டொலர். 55 வயதுக்குக் குறைந்தவருக்கான உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக 89,000. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள வதிவோர் வீதங்களின்படி முதல் 80,000 டொலருக்கு 3,350, மீதி 9,000 டொலருக்கு 11.5 வீதம் 1,035, மொத்தம் 4,385. ஆகவே ஆண்டுக்கு 85,615, மாதத்திற்கு ஏறத்தாழ 7,135 டொலர் நிற்கும்.

இதில் வீட்டுப் படி தனியே எவ்வளவு வரியை இழுக்கிறது என்று பாருங்கள். படி இல்லாமல் 60,000 டொலருக்கு வரி 1,880 மட்டுமே. எஞ்சிய 2,505 டொலரும் வீட்டுப் படியால் வந்தது. வாடகைக்கென்று தந்த 2,500 உண்மையில் மாதம் 2,291 ஆகிவிடுகிறது. அந்த வரியையும் கம்பனி ஏற்கும் என்று எழுதித் தராவிட்டால் அது உங்கள் பொறுப்பு.

நான் தடுமாறியது வேறிடத்தில். அங்கே மாதாமாதம் சம்பளத்திலிருந்து வரி கழிப்பதில்லை. முழுத் தொகையும் வங்கியில் விழ, நானும் அதையே கைச் சம்பளம் என்று நினைத்து ஊர் வீட்டுக் கூரை வேலைக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு வரி அறிவித்தல் வந்தபோது கையில் காசில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கழியும் ஜைரோ முறையில் வட்டியில்லாமல் 12 தவணை வரை கட்ட இடமுண்டு என்பதால் தப்பினேன். மாதம் 370 டொலரைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.

பணி இடையில் முறிந்தால் கணக்கு தலைகீழாகும். ஒரு நாட்காட்டி ஆண்டுக்குள்ளேயே ஐந்து மாதத்தில் திரும்பினால், 183 நாள் நிறையாததால் வரிக்கு நீங்கள் வதியாதவர். 15 வீதம், வதிவோர் வீதம் இரண்டில் கூடியதையே கட்ட வேண்டும். 37,500 டொலருக்கு அது 5,625. வதிவோராக இருந்தால் 430 டொலர்கூட வராது. செப்டெம்பரில் தொடங்கி அடுத்த மார்ச் இறுதி வரை தொடர்ந்து வேலை செய்தால், இரண்டு ஆண்டுகளிலுமாக 183 நாளைத் தாண்டுவதால் இரண்டுக்கும் வதிவோர் வீதமே கிடைக்கும். ஆகவே தொடங்கும் திகதியையும், கம்பனி முன்கூட்டியே அழைத்தால் கூடுதல் வரியை யார் கட்டுவது என்பதையும் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதத்திற்கு முன்னர் நீங்கள் வேலையை விட்டுப் போவதை அறிவிக்கும் ஐ.ஆர்.21 படிவத்தைக் கம்பனி வரித்துறைக்குக் கொடுத்து, வரித் தீர்வு கிடைக்கும் வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அது சட்டம், என் கடைசிச் சம்பளமும் அப்படித்தான் நின்றது. அந்த மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உரிய பணத்தை முன்னரே கையில் வைத்திருங்கள்.